சென்னைல வேற பேங்க் ஏடிஎம் யூஸ் பண்றவங்க இத படிச்சிட்டு போங்க, எனக்கு 289 ரூபா போச்சு

இப்பதான் ஸ்டேட்மென்ட் பாத்தேன், வயிறு எரியுது, அதான் உடனே டைப் பண்றேன். ஒரே மாசத்துல ஏடிஎம் சார்ஜ்ங்கற பேர்ல மட்டும் 289 ரூபா 10 காசு எடுத்துருக்கானுங்க. பேங்க் பேரு சொல்லல, ஒரு பெரிய பேங்க், எங்க ஊர்லயும் கிளை இருக்கு, அவ்ளோதான்.

கார்டு வாங்கும்போது கவுன்டர்ல இருந்தவர்கிட்ட நானே கேட்டேன், "சார், நான் அடிக்கடி வெளியூர் போறவன், வேற பேங்க் மெஷின்ல எடுத்தா காசு புடிப்பீங்களா?"ன்னு. அவர் நிமிந்து கூட பாக்காம "மாசம் அஞ்சு தடவ ஃப்ரீ தம்பி, எந்த பேங்க்ல வேணாலும் எடுத்துக்குங்க"ன்னாரு. கார்டு கவர் மேல பேனால 5ன்னு எழுதி ஒரு வட்டம் வேற போட்டு குடுத்தாரு. பேங்க்காரரே எழுதி குடுக்கறாரு, அதுக்கு மேல என்ன விசாரிக்க சொல்றீங்க?

போன மாசம் அப்பாவ சென்னைல ஆஸ்பத்திரில சேத்துருந்தோம். பேங்க் நம்பர் இருக்கற என் போன் டிஸ்ப்ளே அந்த நேரம் பாத்து புட்டுக்கிச்சு, அதனால யுபிஐ இல்ல, எஸ்எம்எஸ்ஸும் பாக்க முடியாது. "ஏன் ஸ்கேன் பண்ணலை"ன்னு கமெண்ட்ல கேக்க போறவங்களுக்கு பதில் இதான். ஆஸ்பத்திரி கீழ லிஃப்ட் பக்கத்துலயே ஒரு ஏடிஎம், வேற பேங்க்கோடது. மச்சான் ஊர்லேருந்து பணம் போடுவாரு, வொய்ஃப் போன்ல கூப்ட்டு சொல்வாரு, நான் கீழ போயி வந்துருச்சான்னு பேலன்ஸ் பாப்பேன், அப்புறம் தேவைக்கு எடுப்பேன். மெஷின்ல எந்த இடத்துலயும் "உங்களுக்கு ஃப்ரீ முடிஞ்சுது, இப்ப எடுத்தா இவ்ளோ ஆகும்"னு ஒரு வார்த்த வரல. சார்ஜ் போடறது நம்ம பேங்க், மெஷின் அடுத்த பேங்க்கோடது, அதுக்கு நம்ம கணக்கு தெரியாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த அஞ்சு ஃப்ரீங்கறது சென்னைல கிடையாது! சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் இந்த ஆறு ஊர்ல இருக்கற வேற பேங்க் மெஷின்ல மாசத்துக்கு மூணுதான் ஃப்ரீ, மத்த ஊர்லதான் அஞ்சு. 2014லேருந்தே இப்படித்தானாம். நம்ம அக்கவுண்ட் எந்த ஊர் கிளைல இருக்குன்னு பாக்க மாட்டாங்க, மெஷின் எந்த ஊர்ல நிக்குதுன்னுதான் கணக்கு. அதவிட கொடும, அந்த மூணுல பேலன்ஸ் பாக்கறதும் சேத்தி. நம்ம பேங்க் மெஷின்ல பேலன்ஸ் பாத்தா அது கணக்குல வராது, வேற பேங்க் மெஷின்ல பாத்தா பணம் எடுத்த மாதிரியே ஒண்ணு கழிஞ்சிரும். எனக்கு பேலன்ஸ், பணம், மறுபடி பேலன்ஸ், முடிஞ்சுது மூணும். உருப்படியா பணம் எடுத்தது அதுல ஒண்ணே ஒண்ணு.

அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் காசுதான். பணம் எடுக்கறதுக்கு 23 ரூபா, 2025 மே மாசத்துலேருந்து அதான் உச்சவரம்பு, முன்னாடி 21ஆ இருந்துச்சு. அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 27.14. இதுமாதிரி ஏழு, 189.98. பேலன்ஸ் பாத்ததுக்கு எங்க பேங்க்ல 11 ரூபா, ஜிஎஸ்டியோட 12.98, அது நாலு, 51.92.

மிச்சம் 47.20 எப்படி வந்துச்சுன்னு கேளுங்க, அதான் எனக்கு தாங்கல. ஒரு நாள் மச்சான் 3000 போட்டாரு, சாயங்காலம் போயி பாத்தேன், 3014 காமிச்சுது. ராத்திரி பணமா வெச்சிருக்க பயந்துகிட்டு காலைல எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன். காலைல போயி 3000 அடிச்சா போதிய இருப்பு இல்லைங்குது. நேத்து பாத்தனே, மெஷின்தான் கோளாறுன்னு நெனச்சு இன்னொரு தடவ அடிச்சேன், அதே பதில். என்ன ஆச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா முன்ன எடுத்ததுக்கான 27.14ம், அந்த சாயங்காலம் பேலன்ஸ் பாத்ததுக்கு 12.98ம் கழிச்சுட்டாங்க, மிச்சம் 2973.88. அவங்களே காச எடுத்துட்டு, காசு இல்லாம நீ ஏன் கேட்டேன்னு அதுக்கு வேற தடவைக்கு 20 ரூபா, ஜிஎஸ்டியோட 23.60, ரெண்டு தடவ. இத என்னன்னு சொல்றது நீங்களே சொல்லுங்க.

கஸ்டமர் கேர்ல ஒண்ணு அழுத்து ரெண்டு அழுத்துன்னு சுத்த விட்டு, கடைசில ஒரு பொண்ணு "சார் அது சிஸ்டம் ஜெனரேட்டட் சார்ஜ், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது"ங்குது. கிளைக்கு போனா அதே சார், அதே நாற்காலி. கவர காமிச்சேன். "நான் நம்ம ஊருக்கு சொன்னேன் தம்பி, நீங்க சென்னைல போயி எடுப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும், வெப்சைட்ல எல்லாம் போட்ருக்கு"ங்கறாரு. வெளியூர் போறேன்னு சொல்லித்தானய்யா கேட்டேன்! ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்கன்னு அனுப்பி வெச்சாரு. மெயில் போட்டா "தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி"ன்னு ஒரு ரெடிமேட் பதில். 289 ரூபா போனவனுக்கு நன்றி எதுக்கு.

ஒண்ணு மட்டும் நான் விட போறதில்ல. அந்த ஏழுல ஒரு தடவ பணமே வரல, மெஷின்ல கேஷ் இல்லன்னு ஸ்கிரீன்ல காமிச்சுது. அதுக்கும் 27.14 போட்ருக்காங்க. கேஷ் இல்லாம, மெஷின் கோளாறுல, தப்பான பின் அடிச்சு ஃபெயில் ஆனத எல்லாம் கணக்குல எடுக்க கூடாதுன்னு 2019 ஆகஸ்ட்லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு. இத சொன்னா கிளைல "எங்க சிஸ்டத்துல சக்சஸ்னு இருக்கு"ங்கறாங்க. சக்சஸ்னா அந்த 2000 கழிஞ்சிருக்கணும்ல? ஸ்டேட்மென்ட்ல 2000 கழியல, 27.14 மட்டும் கழிஞ்சிருக்கு. இத கேட்டா பாக்கறோம்னாங்க. புகார் நம்பர் வாங்கி வெச்சிருக்கேன், 30 நாள்ல பதில் வரலன்னா cms.rbi.org.in போயி பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போட போறேன்.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், கோவத்துல வர மாட்டேங்குது. சென்னைக்கு வர்ற வெளியூர்காரங்க மூணுன்னு மனசுல வெச்சுக்குங்க. வேற பேங்க் மெஷின்ல பேலன்ஸ் பாக்கவே பாக்காதீங்க, மிஸ்டு கால் குடுத்தா எஸ்எம்எஸ்ல வருது. கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம ஒரே தடவைல எடுங்க, கணக்குல இருக்கறத சுத்தமா தொடச்சு எடுக்க பாக்காதீங்க, நூறு இருநூறு விட்டு அடிங்க. உங்க பேங்க் மெஷின் பக்கத்துல இருக்கான்னு யார்கிட்டயாவது கேளுங்க, எங்க பேங்க்கோடது ஆஸ்பத்திரிக்கு பின்னாடி தெருவுலயே இருந்துருக்கு, டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோல போகும்போதுதான் கண்ணுல பட்டுச்சு. பணம் வராம ஃபெயில் ஆச்சுன்னா ஸ்கிரீன போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, ஸ்லிப் வந்தா கசக்கி போட்ராதீங்க. என்கிட்ட அந்த ஸ்லிப் இருக்கு, அத வெச்சுதான் இப்ப சண்ட போட்டுட்டு இருக்கேன்.