மூன்று வருட வாய்தாவும் செல்போனில் இ-கோர்ட்ஸும்

அப்பா வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கு சென்னை சிட்டி சிவில் கோர்ட்டில் நடக்கிறது. முதல் ஆறு மாதம் வாய்தா தேதி என்னவென்று கேட்டு வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டே ஓய்ந்துபோனேன். அப்புறம் ஜூனியர் ஒருவர் எங்கள் வழக்குக்கென்றே உள்ள 16 இலக்க சி.என்.ஆர் எண்ணை எழுதிக் கொடுத்தார். TN என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் வருடம். கோர்ட் வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் இதை ஒருமுறை போட்டு My Cases-இல் சேமித்துவிட்டால் போதும். பெயரை வைத்துத் தேடுவது பெரும்பாடு. எங்கள் அப்பா பெயரையே மனுவில் ஒரு மாதிரியும் பதிவில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் Next Hearing Date-ஐ மட்டும் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். அங்கே கடந்துபோன தேதியே நின்றால், கோர்ட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. இன்னும் பதிவேற்றவில்லை, அவ்வளவுதான். கீழே Case History என்ற அட்டவணையில் Business on Date என்ற பத்தி இருக்கிறது. அதிலுள்ள தேதியைத் தொட்டால் அன்று நடந்தது ஓரிரு வரியில் வரும்.

அந்த ஓரிரு வரிதான் என் வழக்கைக் காப்பாற்றியது. போன வருடம் 12-ஆம் தேதி வாய்தாவை வக்கீல் ஆபீஸ் டைரியில் 21 என்று குறித்துவிட்டார்கள். டைரியை நம்பி நானும் போகவில்லை. 14-ஆம் தேதி இரவு சும்மா திறந்தால், வழக்கு முடிந்ததாகக் காட்டியது. தேதியைத் தொட்டேன்: "Plaintiff called absent. No representation. Suit dismissed for default." வாதி வராததால் தள்ளுபடி! கை நடுங்கிவிட்டது. இப்படித் தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கச் சொல்லி மனுப் போட 30 நாள்தான் கெடு. அது தள்ளுபடியான நாளிலிருந்தே ஓடும், நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல. இரண்டே நாளில் தெரிந்ததால் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் தனி மனு தேவைப்படவில்லை. பிரமாணப் பத்திரத்தில் தேதிக் குழப்பத்தை உள்ளபடி சொன்னோம், வழக்கு திரும்பக் கோப்புக்கு வந்தது.

அதிலிருந்து வாய்தாவுக்கு முந்தின நாள் மாலை, மறுநாள் விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியலான Cause List-ஐயும் பார்த்துவிடுகிறேன். நீதிபதி விடுப்பா, வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறியிருக்கிறதா என்பதைக் காலையில் நேரில் போய்ப் பெஞ்ச் கிளார்க்கிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

உத்தரவு நகல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தளத்திலிருந்து இறக்கும் பி.டி.எஃப் படித்துப் பார்க்கத்தான். அப்பீலுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும். அதற்குத் தனியாக நகல் மனுப் போட வேண்டும். மனுப் போட்ட பிறகு நகல் தயாராகப் பிடிக்கும் நாட்களை அப்பீல் கெடுவில் சேர்க்க மாட்டார்கள் என்பதால், தீர்ப்பு வந்ததும் மனுப் போட்டுவிடுவது நல்லது. ஹைகோர்ட் வழக்கு என்றால் மாவட்ட கோர்ட்டுகளுக்கான பக்கத்தில் தேடிப் பயனில்லை, அதற்குப் பக்கம் வேறு.