டீமேட் ஸ்டேட்மென்டைப் போட்டோவிலிருந்து கூட்டுவது: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் டீமேட் ஸ்டேட்மென்ட் இன்னும் தபாலில்தான் வருகிறது. வந்ததும் போனில் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், "எல்லாம் சேர்த்து எவ்வளவு வருதுன்னு பாருப்பா" என்பார்கள். சில வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் போன் வசதிகளையும், படத்தை நேராக அட்டவணையாக மாற்றும் ஆப்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். எதுவுமே எல்லா எண்களையும் எப்போதும் சரியாகப் படித்ததில்லை. ஆனாலும் கூட்டுத்தொகையை நம்பலாம். ஸ்டேட்மென்டிலேயே சரிபார்க்கும் வழி இருக்கிறது.

முதலில் போட்டோ. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, தசமப் புள்ளிகள் மங்கிவிடும். "டாக்குமென்ட்டா அனுப்புங்க சித்தப்பா" என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்ததிலேயே பாதிப் பிழைகள் குறைந்துவிட்டன. மடிப்பை நீவி, ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒரு படம் எடுத்தால் போதும். படம் கையில் வந்ததும் மேற்பகுதியை வெட்டிவிடுகிறேன். பெயர், முகவரி, பான், டீமேட் கணக்கு எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். அவற்றை எந்த ஆப்புக்கும் கொடுக்க வேண்டியதில்லை. பதினாறு இலக்கக் கணக்கு எண் மதிப்பு நெடுவரிசைக்குள் வந்து விழுந்து, கூட்டலைக் கோடிகளுக்குக் கொண்டுபோகும் வாய்ப்பும் இல்லாமல் போகும்.

அட்டவணையில் எனக்கு வேண்டியவை ஐந்து: ஒவ்வொரு பங்குக்கும் உரிய அடையாளக் குறியான ஐஎஸ்ஐஎன், பெயர், எண்ணிக்கை, விலை, மதிப்பு. பெயரைவிட ஐஎஸ்ஐஎன்தான் முக்கியம். பெயர் நீளமாக இருந்தால் அடுத்த வரிக்கு மடங்கும், அல்லது பாதியில் வெட்டுப்படும். ஐஎஸ்ஐஎன் எப்போதும் பன்னிரண்டு எழுத்து. ரிலையன்ஸ் பங்குக்கு INE002A01018 என்று எடுத்துக்கொண்டால், INE என்பது இந்திய நிறுவனம், 002A அந்த நிறுவனத்தின் குறி, அடுத்து வரும் 01 அது ஈக்விட்டி பங்கு என்பதற்கு. கடைசி 8 முந்தைய எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட சோதனை இலக்கம். பூஜ்யத்தை ஆங்கில ஓ எழுத்தாக ஆப் படித்திருந்தால் அந்தச் சோதனையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் என்றால் INF என்று தொடங்கும். இந்த வேறுபாடு கீழே உதவப்போகிறது.

அதிகம் தடுக்கிவிடும் இடம் எண்ணிக்கை நெடுவரிசை. ஸ்டேட்மென்டில் எட்டுப் பங்கு இருந்தால் 8.000 என்று மூன்று தசமத்தோடு அச்சாகும். அந்தப் புள்ளி படத்தில் மங்கினால் ஆப் அதை 8000 என்று படித்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஆயிரத்தால் வகுத்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் INF என்று தொடங்கும் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டில் 412.637 என்பது உண்மையான தசமம், அது சரியாகப் படிக்கப்பட்டிருக்கவும் கூடும். அதனால் மொத்தமாக மாற்றாமல், வரி வரியாக எண்ணிக்கையை விலையால் பெருக்கி அச்சிட்ட மதிப்போடு ஒப்பிடுகிறேன்.

ஒரு ஸ்டேட்மென்ட் மாதிரி சொல்கிறேன், எண்கள் விளக்கத்துக்காக. முதல் வரி 45 பங்கு, விலை 1,642.30, மதிப்பு 73,903.50. இரண்டாவது 120 பங்கு, விலை 418.75, மதிப்பு 50,250.00. மூன்றாவது 8 பங்கு, விலை 3,126.40, மதிப்பு 25,011.20. நான்காவது ஒரு ஃபண்ட், 412.637 யூனிட், ஒரு யூனிட் 58.2140, மதிப்பு 24,021.25. ஐந்தாவது வர்த்தகம் நிறுத்தப்பட்ட ஒரு கம்பெனி, 200 பங்கு, விலை இடம் காலி, மதிப்பு பூஜ்யம். கீழே அச்சாகியிருக்கும் மொத்தம் 1,73,185.95. கூகுள் ஷீட்டில் எண்ணிக்கை C, விலை D, மதிப்பு E என்று வைத்து நான் எழுதுவது இவ்வளவுதான்:

```
=ROUND(C2*D2,2)-E2
=SUM(E2:E6)
```

முதல் ஃபார்முலாவை ஒவ்வொரு வரியிலும் இறக்கிவிட்டால் எல்லாம் பூஜ்யமாக வர வேண்டும். விலையின் எல்லாத் தசமங்களும் அச்சாகாத ஸ்டேட்மென்டில் சில பைசா விலகலாம், அது பரவாயில்லை. மூன்றாவது வரியில் எண்ணிக்கை 8000 என்று வந்திருந்தால் இந்த ஃபார்முலா கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி காட்டும். மதிப்பை விலையால் வகுத்துப் பார்த்தால் 8 என்று வரும், பிழை எண்ணிக்கையில்தான் என்று உறுதியாகிவிடும்.

அப்புறம் மொத்தம். என் கூட்டலும் அச்சிட்ட மொத்தமும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத் தொகையைப் பார்த்தாலே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். சரியாக 10,000 என்று வந்தால் ஒரே ஒரு இலக்கம் தவறு, 50,250 என்பதை 60,250 என்று படித்திருக்கும். 25,011.20 குறைகிறது என்றால் அந்த வரியே கூட்டலில் சேரவில்லை. வரி கண்ணுக்குத் தெரிந்தும் சேரவில்லையென்றால், அந்தச் செல் எண்ணாக இல்லாமல் எழுத்தாக ஒட்டப்பட்டிருக்கிறது. லட்சக் காற்புள்ளி அல்லது இடைவெளி இருக்கும் செல்லில் இது சகஜம். SUM அதை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தாண்டிப் போய்விடும். எழுத்தாகிவிட்ட செல்கள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், அதுதான் அடையாளம். இடைவெளியை அழித்துவிட்டு, வேறொரு காலி செல்லில் இப்படி மாற்றி, வரும் எண்ணை E4-இல் மதிப்பாக மட்டும் ஒட்டலாம்:

```
=VALUE(SUBSTITUTE(E4,",",""))
```

பெருக்கல் சோதனையால் எப்போதும் பிடிக்க முடியாத ஒன்று அடமானப் பங்கு. சில ஸ்டேட்மென்டில் ஒரே வரியில் மொத்த இருப்பு, ஃப்ரீ இருப்பு, பிளெட்ஜ் இருப்பு என்று தனித்தனி நெடுவரிசை வரும். 120 பங்கில் 50 அடமானத்தில் இருந்தால் 120, 70, 50 என்று இருக்கும், இங்கே முதல் எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் ஒரே ஐஎஸ்ஐஎன் இரண்டு வரிகளாக வரும், ஒன்றில் 70, மற்றதில் 50. அங்கே இரண்டையும் கூட்ட வேண்டும். படித்துத் தரும் ஆப்புக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டு வரியில் ஒன்று விடுபட்டாலும் மற்றதில் பெருக்கல் பொருந்திவிடும். அச்சிட்ட மொத்தம் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும், அது இல்லாத ஸ்டேட்மென்டில் நெடுவரிசைத் தலைப்பை நானேதான் படிக்கிறேன். அதனால்தான் தலைப்பு வரி படத்தில் விழாத போட்டோவைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிடுவேன்.

ஐந்தாவது வரிபோல மதிப்பு பூஜ்யமாக இருக்கும் பங்கை மொத்தத்தில் சேர்ப்பதில்லை, ஆனால் பட்டியலிலிருந்து நீக்குவதுமில்லை. நாளை வாரிசுக்கு மாற்றும்போது அந்த 200 பங்கும் வேண்டும். இதேபோல வெவ்வேறு மாதத்து ஸ்டேட்மென்டின் மதிப்புகளையும் ஒன்றாகக் கூட்டுவதில்லை. அப்பாவுடையது மார்ச் 31 விலை, சித்தப்பாவுடையது ஜூன் 30 விலை என்றால், எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, பட்டியலிடப்பட்ட பங்குக்கு `=GOOGLEFINANCE("NSE:ITC","price")` என்பதுபோல ஒரே நாள் விலையைப் போட்டுக்கொள்கிறேன்.

டீமேட் கணக்கில் மின்னஞ்சல் பதிவாகியிருந்தால் இத்தனை வேலை எதற்கு? பான் எண்ணைக் கடவுச்சொல்லாகப் போட்டுத் திறக்கும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் ஆகவே வரும், அதிலிருந்து காப்பி செய்யும்போது இலக்கங்கள் மாறுவதில்லை. காகிதம் மட்டும்தான் இருக்கிறது என்றாலும், ஏழெட்டு வரிக்குள் இருந்தால் கையால் தட்டச்சு செய்வதுதான் எனக்கு வேகம். முப்பது நாற்பது வரி, இரண்டு மூன்று பக்கம் என்று போகும்போதுதான் போட்டோ வழி உண்மையிலேயே நேரம் மிச்சமாக்குகிறது. புள்ளி அச்சில் மங்கிப்போன பழைய ஸ்டேட்மென்டுகளில் எந்த ஆப்பும் உருப்படியாகப் படித்ததில்லை. அவற்றை இப்போது நேராகக் கையாலேயே ஏற்றிவிடுகிறேன், பெருக்கல் சோதனையை மட்டும் விடாமல்.