பன்னிரண்டு தவணைகளில் அடைத்த சம்பள முன்பணம்: ஓராண்டு அனுபவம்

அவசரத் தேவைக்காக அலுவலகத்தில் 60,000 முன்பணம் வாங்கி, வட்டியில்லாமல் மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு மாதங்களில் திருப்பிச் செலுத்த ஒப்புக்கொண்டேன். அப்போது என் மொத்தச் சம்பளம் 50,000. வரியும் வைப்புநிதியுமாக 6,000 போக, 44,000 கைக்கு வந்துகொண்டிருந்தது. மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதானே போகிறது என்று எண்ணிக் கையெழுத்திட்டேன். ஆனால் வாடகை, கல்விக் கட்டணம், காப்பீடு என்று மாதந்தோறும் தவிர்க்க முடியாதபடி செலவாகும் 30,000ஐ ஒதுக்கியபின் என்னிடம் மிஞ்சுவது 14,000தான் என்பதால், தவணை உண்மையில் அந்தத் தொகையிலிருந்தே போய், அதை 9,000ஆகக் குறைத்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததை முதல் மாதமே உணர்ந்தேன்.

தவணை போனால் வரியும் சற்றுக் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் குறையவில்லை. முன்பணம் கடனாகவே கணக்கிடப்பட்டதால், வரி மொத்தச் சம்பளத்தின் மீதே பிடிக்கப்பட்டது. தவணை அதற்குப் பிறகுதான் கழிக்கப்பட்டது.

ஐந்தாம் மாதம்தான் மிகவும் சிரமமாக இருந்தது. உடல்நலக் குறைவால் ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்ததில், முப்பது நாள் கணக்கில் 10,000 குறைந்து மொத்தச் சம்பளம் 40,000 ஆனது. அதற்கேற்ப மற்றப் பிடித்தங்கள் 4,800ஆகக் குறைந்தன. தவணை மட்டும் முழு 5,000ஆகவே நின்றது. கைக்கு வந்தது 30,200. கட்டாயச் செலவுகளைக் கட்டியபின் 200தான் மிஞ்சியது. அந்த ஒரு மாதத் தவணையைக் கடைசிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கணக்குப் பிரிவில் கேட்டபோது, முடியும் என்றும், ஆனால் சம்பளப் பட்டியல் முடிவதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். விடுப்பு விண்ணப்பத்துடனேயே அதையும் எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

பன்னிரண்டாம் மாதச் சம்பளச் சீட்டில் முன்பண நிலுவை பூஜ்யமாக இருந்தது. எனினும் பதின்மூன்றாம் மாதமும் 5,000 பிடிக்கப்பட்டிருந்தது. பிடித்தத்துக்கு முடிவு மாதம் பதிவு செய்யப்படாததே காரணம். மாதாமாதம் நிலுவைக் கட்டத்தைப் பார்த்து வந்ததால் அன்றே கண்டுபிடித்தேன். வங்கிக்கு வந்த தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனெனில் 39,000 வருவது அதற்குள் பழகிப்போயிருக்கும்.

பன்னிரண்டு சீட்டுகளின் நகல்களையும் இணைத்து எழுதியதும், மறுமாதம் அந்த 5,000 திரும்ப வந்தது. ஆனால் அதை ‘சம்பள நிலுவை’ என்று வருமானப் பக்கத்தில் சேர்த்து அதற்கும் வரி பிடித்திருந்தார்கள். அது என் சொந்தப் பணம், புதிய வருமானம் அல்ல என்று மீண்டும் எழுதிக் கேட்ட பிறகே, ‘கூடுதல் பிடித்தம் திரும்ப அளிப்பு’ என்று திருத்தி, வரியையும் அடுத்த மாதச் சம்பளத்தில் சரிசெய்தார்கள்.