ஏசாயா 40:3: எபிரெய இசைக்குறிகளா, கிரேக்க மரபா? வாக்கியத்தை எங்கே பிரிப்பது?

ஏசாயா 40:3இன் முதல் பாதியில், எபிரெயச் சொற்களை அவற்றின் வரிசையிலேயே தமிழில் வைத்தால் இப்படி வரும்: குரல், கூப்பிடுகிற, வனாந்தரத்தில், ஆயத்தப்படுத்துங்கள், வழியை, ஆண்டவரின். இதில் "வனாந்தரத்தில்" எதோடு சேர்கிறது? குரல் வனாந்தரத்தில் ஒலிக்கிறதா, வழியை வனாந்தரத்தில் போட வேண்டுமா? இரண்டுக்கும் நீண்ட மரபு உண்டு. தமிழில் மொழிபெயர்க்கிறவர் இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்.

முதலில் எபிரெயக் குறிகள் சொல்வதைப் பார்ப்போம். ஓதும் இராகத்தையும் சொல்லின் அழுத்தத்தையும் காட்டும் இந்தக் குறிகளுக்குத் தேஅமீம் என்று பெயர். இவற்றுக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. ஒவ்வொரு குறியும் அந்தச் சொல்லை அடுத்ததோடு சேர்க்கும், அல்லது அதிலிருந்து பிரிக்கும். எபிரெய வேதப் பாடத்தைப் பேணிக்காத்த, கலிலேயாவின் திபேரியாவில் இருந்த மசோரா அறிஞர்கள் 10ஆம் நூற்றாண்டுக்குள் இந்த முறையை முழுமையாக்கினார்கள். இன்று அச்சிலும் கணினியிலும் பரவலாகப் பயன்படும் பாடம், 1008ஐ ஒட்டி எழுதப்பட்ட லெனின்கிராட் கையெழுத்துப் படியிலிருந்து வருகிறது. குறிகள் அதிலேயே இருக்கின்றன.

வசனத்தின் கடைசிச் சொல்லில் ஸில்லூக் இருக்கும். வசனத்தை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வெட்டு அத்னாஹ். ஒவ்வொரு பாதியையும் மேலும் பிரிப்பவை ஸாகேப், திஃப்ஹா போன்றவை. சங்கீதம், நீதிமொழிகள், யோபு ஆகிய மூன்றுக்கும் வேறொரு முறை இருப்பதால் இங்கே சொல்வதை அங்கே அப்படியே பொருத்தக் கூடாது.

சரி, நம் வசனத்துக்கு வருவோம். அத்னாஹ் "ஆண்டவரின்" என்ற சொல்லில் விழுகிறது, முதல் பாதி அங்கே முடிகிறது. அந்தப் பாதிக்குள் "கூப்பிடுகிற" மீது ஒரு ஸாகேப், "வனாந்தரத்தில்" மீது இன்னொரு ஸாகேப். ஒரே பாதிக்குள் ஒரே தரத்துப் பிரிப்பான்கள் இரண்டு வந்தால் முன்னால் வருவதுதான் பெரிய வெட்டு. அந்த விதிப்படி பெரிய நிறுத்தம் "கூப்பிடுகிற" என்பதற்குப் பிறகு. கட்டளை "வனாந்தரத்தில்" என்றே தொடங்குகிறது:

ஒரு குரல் கூப்பிடுகிறது: "வனாந்தரத்தில் ஆண்டவருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள், பாலைவெளியில் நம் கடவுளுக்கு நெடும்பாதையைச் சீராக்குங்கள்."

எதிர் வாசிப்பு கிரேக்க மரபிலிருந்து வருகிறது. "வனாந்தரத்தில் கூப்பிடுகிறவனின் குரல்: ஆண்டவருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள்." நற்செய்திகள் யோவான் ஸ்நானகனைப் பற்றிச் சொல்லும்போது எடுத்தாள்வது கிரேக்க வாசகத்தைத்தான். பழைய தமிழ் வேதாகமத்திலும் "வனாந்தரத்திலே கூப்பிடுகிற" என்றே ஏசாயாவில் வருவதால், தமிழ்க் காதுக்கு இதுவே பழகிப்போனது.

கிரேக்கம் ஏன் அப்படிப் போனது? ஒரு காரணம் அந்த வாசகத்திலேயே தெரிகிறது. எபிரெயத்தின் இரண்டாம் பாதியில் உள்ள "பாலைவெளியில்" என்ற சொல், எபிரெய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இல்லை. எபிரெயத்தில் "வனாந்தரத்தில் வழி, பாலைவெளியில் பாதை" என்று இரண்டு அடியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. இரண்டாவது இடப்பெயர் போய்விட்டால் முதலாவதற்கு இணை இல்லை. அது பக்கத்தில் இருக்கும் "கூப்பிடுகிற" என்பதோடு எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

குறிகளின் பக்கம் இன்னொரு வலுவான சான்றும் உண்டு. சாக்கடலை ஒட்டிய கும்ரானில் ஒரு யூதக் கூட்டத்தின் சமூக ஒழுங்கு நூல் கிடைத்தது; அந்தக் கையெழுத்துப் படி கி.மு. 100ஐ ஒட்டியது. வனாந்தரத்துக்குப் போய் அங்கே வழியை ஆயத்தப்படுத்த வேண்டும் என்று சொல்லி, அந்த நூல் இதே வசனத்தைக் காட்டுகிறது. மசோரா அறிஞர்கள் குறி போடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இப்படித்தான் ஒரு கூட்டம் வாசித்திருக்கிறது. அதனால் ஏசாயாவை மொழிபெயர்க்கும்போது நான் தயங்காமல் குறிகளின் பக்கம் நிற்பேன். மத்தேயு 3:3இல் கிரேக்கம் சொல்வதை அப்படியே விடுவேன். இரண்டையும் ஒன்றாக்க முயல்வது இரண்டு நூலுக்கும் அநியாயம்.

தமிழில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "வனாந்தரத்தில் வழியை ஆயத்தப்படுத்துங்கள் என்று ஒரு குரல் கூப்பிடுகிறது" என்று "என்று" போட்டு முடித்தால், வாசிக்கிறவர் "வனாந்தரத்தில்" என்பதைக் கடைசி வினையோடும் சேர்த்துக்கொள்ள முடியும். எபிரெயம் பிரித்து வைத்தது மறுபடி கலந்துவிடும். குரலை முதலில் சொல்லி நிறுத்திவிட்டு, அப்புறம் கட்டளையைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

ஆனால் எல்லாக் குறியையும் காற்புள்ளியாக மாற்றினால் மொழிபெயர்ப்பு கெட்டுப்போகும். இதே வசனத்தில் "ஆயத்தப்படுத்துங்கள்" மீது திஃப்ஹா இருக்கிறது. அதுவும் பிரிப்பான்தான். அதை நம்பி வினைக்கும் "வழி"க்கும் நடுவே யாரும் நிறுத்த மாட்டோம். அத்னாஹுக்கும் ஸில்லூக்குக்கும் முன்னால் ஏறக்குறைய எப்போதும் ஒரு திஃப்ஹா வந்தாக வேண்டும் என்பது முறையின் விதி. அது எங்கே விழுகிறது என்பதில் கொஞ்சம் செய்தி இருக்கலாம். அது இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது.

பெரிய வெட்டான அத்னாஹும் அப்படியே. ஆதியாகமம் 1:1இல் அது "கடவுள்" மீது விழுகிறது. "தொடக்கத்தில் படைத்தார் கடவுள்" ஒரு பாதி, "வானத்தையும் பூமியையும்" மறு பாதி. வினையையும் செயப்படுபொருளையும் அத்னாஹ் பிரிக்கிறது. அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியமே இல்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் உள்வெட்டுத் தேவைப்படும்போது, இருப்பதிலேயே பெரிய இடைவெளியில் குறி போய் உட்கார்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைக் குறி சொல்வதில்லை.

இந்த வரம்பை மனதில் வைத்துக்கொண்டால்தான் தானியேல் 9:25ஐ நேர்மையாகப் பார்க்க முடியும். அங்கே அத்னாஹ் "ஏழு வாரங்கள்" என்பதில் விழுகிறது. எருசலேமை மீண்டும் கட்டும் கட்டளை பிறந்ததிலிருந்து அபிஷேகம் பெற்ற தலைவர்வரை ஏழு வாரங்கள். அப்புறம் அறுபத்திரண்டு வாரங்கள் நகரம் மீண்டும் கட்டப்பட்டிருக்கும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளரான தியோடோஷனின் வாசகமோ இரண்டு எண்ணையும் கூட்டி, தலைவர் வர 69 வாரங்கள் என்கிறது. பழைய தமிழ் வேதாகமமும் அந்தப் பக்கம்தான். அந்தத் தலைவர் இயேசுவே என்ற கிறிஸ்தவ விளக்கத்தைத் தடுக்கவே குறி அங்கே வைக்கப்பட்டது என்று சிலர் குற்றம் சாட்டியதும் உண்டு.

"அத்னாஹ் இருக்கிறது, முடிந்தது" என்று சொல்ல இங்கே என்னால் முடியாது. ஆதியாகமத்தில் பார்த்ததுபோல அது வெறும் சிறு இடைவெளியாகவும் இருக்கலாம். எனக்கு எடை போடுவது வேறொன்று. எபிரெயத்தில் "அறுபத்திரண்டு வாரங்கள்" என்பதற்குப் பிறகு "மீண்டும் கட்டப்படும்" என்ற வினைத்தொடர், முன்னால் "உம்" இல்லாமல் நேரடியாகத் தொடங்குகிறது. அறுபத்திரண்டு வாரங்களை அந்த வினைக்கு உரிய காலமாக எடுத்தால் தொடர் இயல்பாக ஓடும். எண்களை முன்பக்கம் சேர்த்தால் புதிய வாக்கியம் இணைப்பே இல்லாமல் திடீரென்று நிற்கும். தியோடோஷன் அந்த இடத்தில் ஓர் இணைப்புச் சொல்லைச் சேர்த்துத்தான் கடக்கிறார்.

ஆகவே இங்கும் குறிகளோடு போவேன், ஆனால் ஏசாயாவில் இருந்த உறுதியோடு அல்ல. மொழிபெயர்ப்பில் ஏழு வாரங்களுக்குப் பிறகு அரைப்புள்ளி வைத்து, 69 வாரங்கள் என்ற வாசிப்பை அடிக்குறிப்பில் முழு வாக்கியமாகத் தருவேன்.