நான்கு சேனலா, பதினாறு சேனலா: சிறிய எழுத்தும் கண்ணும் எந்த இடத்தில் சிதைகின்றன

ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாதிரிகள் உருவாக்கும் படத்தில் கடைப் பலகையின் எழுத்து குழம்பியிருந்தாலோ, தூரத்தில் நிற்பவரின் கண் கலங்கியிருந்தாலோ, மாதிரிக்கு வரையத் தெரியவில்லை என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். பல நேரங்களில் அந்தச் சேதம் வரைதல் தொடங்குவதற்கு முன்பே விதிக்கப்பட்டுவிடுகிறது. டிஃப்யூஷன் பகுதி பிக்சல்களில் வேலை செய்வதில்லை. வேரியேஷனல் ஆட்டோஎன்கோடர் சுருக்கித் தரும் லேட்டன்ட் என்ற சிறிய எண் தொகுப்பில்தான் வேலை செய்கிறது. சுருக்கும் பகுதி என்கோடர், அதை மீண்டும் படமாக விரிக்கும் பகுதி டிகோடர். அந்தச் சுருக்கத்தில் இடம் கிடைக்காத எதையும் டிகோடரால் உள்ளபடி மீட்டுத் தர முடியாது. ஆகவே இங்கே ஒப்பிட வேண்டியவை ஆட்டோஎன்கோடர்களே.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 பயன்படுத்தும் என்கோடர், நீளத்திலும் அகலத்திலும் படத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு எண்களை வைக்கிறது; இவற்றையே நான்கு சேனல் என்கிறோம். 512 × 512 பிக்சல் படத்தில், மூன்று வண்ணங்களையும் சேர்த்து 7,86,432 எண்கள் உள்ளன; 64 × 64 × 4 அளவுள்ள லேட்டன்டில் எஞ்சுபவை 16,384. சுருக்கம் 48 மடங்கு. ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 8 × 8 பிக்சல் சதுரத்தின் 192 எண்களுக்குப் பதிலாக நான்கு எண்கள் நிற்கின்றன. என்கோடரின் கன்வல்யூஷன் அடுக்குகள் அக்கம்பக்கத்தையும் பார்ப்பதால், ஒரு சதுரத்தின் செய்தி அடுத்த கட்டங்களிலும் ஓரளவு தங்கும் என்பது உண்மைதான். ஆனால் மொத்தக் கொள்ளளவு அதனால் கூடிவிடுவதில்லை.

ஜேபெக் முறையும் 8 × 8 சதுரங்களாகத்தான் படத்தைப் பிரிக்கிறது என்பதால் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். வெறும் வானம் உள்ள சதுரத்துக்கு ஜேபெக் மிகச் சில பிட்டுகளையும், எழுத்து நிறைந்த சதுரத்துக்கு அதிகப் பிட்டுகளையும் செலவிடுகிறது. ஆட்டோஎன்கோடரிலோ வானத்துக்கும் நான்கு எண்கள், கண்ணுக்கும் நான்கு எண்கள். வானத்துக்கு அது தாராளம். கண்ணுக்குப் போதவே போதாது. சேதத்தின் முதன்மைக் காரணமாக நான் கருதுவது இந்தச் சமப் பங்கீட்டைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டை அளந்து பார்ப்போம். 512 பிக்சல் படத்தில் ஒருவர் முழு உருவமாக நிற்கிறார். அவருடைய முகம் ஏறத்தாழ 60 பிக்சல் உயரம் என்றால், ஒரு கண் 12 பிக்சல் அகலமும் 5 பிக்சல் உயரமும் இருக்கும். இமை, வெண்விழி, கருவிழி, அதிலுள்ள ஒளிப்புள்ளி ஆகிய அனைத்தும் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கியாக வேண்டும். பின்னாலுள்ள பலகையில் எழுத்துகள் 16 பிக்சல் உயரம் என்று கொள்வோம். ஓர் எழுத்துக்கு நான்கு கட்டங்கள், அதாவது பதினாறு எண்கள் கிடைக்கின்றன. ‘ன’வையும் ‘ண’வையும் பிரித்துக் காட்டும் ஒரு சுழி ஏறத்தாழ ஐந்து பிக்சல் அகலமுடையது, மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு பிக்சல். இரண்டும் ஒரு கட்டத்தைவிடச் சிறியவை. எழுத்து கட்டத்தின் எல்லைக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் விளைவை மாற்றும்; படத்தை நான்கு பிக்சல் நகர்த்தி மீண்டும் சோதித்தால் அதே சுழி வேறு விதமாகச் சிதைவதைக் காணலாம்.

இங்கே ஒரு பரவலான விளக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. வேரியேஷனல் ஆட்டோஎன்கோடர் ஒரு சராசரியையும் ஒரு பரவலையும் தந்து அதிலிருந்து சீரற்ற முறையில் எண்ணைத் தேர்ந்தெடுப்பதால்தான் படம் மங்குகிறது என்று பாடங்களில் சொல்லப்படுவதுண்டு. இந்த மாதிரிகளில் பரவலைக் கட்டுப்படுத்தும் கேஎல் உறுப்பின் எடை பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கே வைக்கப்பட்டது. ஆகவே அந்தச் சீரற்ற தன்மை மிகச் சிறியது. இழப்பு நெரிசலில் இருந்து வருகிறது. பயிற்சியின் பிழைக் கணக்கு அதை மேலும் கூட்டுகிறது: மூன்றுக்கு மூன்று பிக்சல் கருவிழி, படத்தின் 2,62,144 பிக்சல்களில் வெறும் ஒன்பது என்பதால், அது தவறினாலும் மொத்தப் பிழை அசைவதில்லை.

முதல் மாற்று, டிகோடரை மட்டும் மாற்றுவது. 2022இல் வெளியான `sd-vae-ft-mse` முகங்கள் அதிகமுள்ள படங்களையும் சேர்த்து மறுபயிற்சி பெற்ற டிகோடர்; என்கோடர் மாறாததால் பழைய மாதிரியோடு அப்படியே பொருந்தும். பிக்சல் வேறுபாட்டின் வர்க்கத்துக்கு அதில் முதன்மை தரப்பட்டதால் விளைவு சற்று மென்மையாக இருக்கும். உண்மைப் படமா, மீட்ட படமா என்று பிரிக்க முயலும் மற்றொரு வலையை ஏமாற்றப் பழக்கும் எதிர்முகப் பயிற்சியின் காரணமாக, மூல டிகோடர் கூர்மையான கோடுகளை இடுகிறது. ஆனால் லேட்டன்டில் இல்லாத சுழியை அது ஊகித்தே இடுகிறது. கண்ணுக்கு ஊகம் ஓரளவு பொருந்திவிடும். எழுத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் கூர்மையான தவறான எழுத்து மங்கிய சரியான எழுத்தைவிட மோசமானது. ஆகவே 1.5 மாதிரியில் இருப்பவர்களுக்கு `sd-vae-ft-mse` நல்ல தேர்வு. ஆனால் கொள்ளளவு அதே நான்கு சேனல்தான்.

இரண்டாவது மாற்று, பதினாறு சேனல். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3, ஃப்ளக்ஸ் 1 ஆகிய மாதிரிகள் அதே எட்டு மடங்குக் குறைப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் பதினாறு எண்களைத் தருகின்றன. சுருக்கம் 12 மடங்காகக் குறைகிறது. நம் எடுத்துக்காட்டின் எழுத்துக்கு 64 எண்கள் கிடைக்கின்றன. சிறிய எழுத்து வாசிக்கத்தக்கதாக மீள்வது இங்கேதான். அதற்கு விலையும் உண்டு: சேனல் கூடும்போது டிஃப்யூஷன் பகுதி கற்க வேண்டியதும் கூடுவதால் பெரிய மாதிரி தேவைப்படுகிறது. பழைய மாதிரியில் இந்த ஆட்டோஎன்கோடரை இணைக்கவும் முடியாது.

மூன்றாவது மாற்று, நான்கு சேனலிலேயே பெரிய படம். 1024 பிக்சல் படத்தின் லேட்டன்ட் 128 × 128 × 4, அதாவது 65,536 எண்கள். 512 பிக்சலில் பதினாறு சேனல் தருவதும் சரியாக இதே 65,536தான். ஆனால் இடங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காவதால், எல்லா இடங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் அட்டென்ஷன் கணக்கு பதினாறு மடங்காகிறது. சேனலைக் கூட்டும்போது அது ஏறுவதில்லை. புதிதாக ஒரு மாதிரியை வடிவமைப்பவர்கள் சேனலைக் கூட்டுவதையே நான் சரியென்பேன். கையில் பழைய மாதிரி மட்டும் உள்ளவர்கள் முழுப் படத்தையும் பெரிதாக்காமல், முகத்தை மட்டும் வெட்டி 512 பிக்சலுக்கு விரித்துத் திருத்திப் பின் சிறிதாக்கி ஒட்டலாம். அப்போது கண்ணுக்கு இரண்டு மூன்றல்ல, பல டஜன் கட்டங்கள் கிடைக்கும். ஒட்டுவதை பிக்சல் நிலையிலேயே செய்ய வேண்டும். முழுப் படமும் மறுபடி ஆட்டோஎன்கோடர் வழியே சென்றால், தொடாத முகங்களும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிதையும்.

எந்த வழியைத் தேர்வதற்கு முன்பும், குற்றம் யாருடையது என்று உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு. உண்மையான புகைப்படம் ஒன்றை −1 முதல் 1 வரையிலான மதிப்புகளாக்கி `x` என்று வைத்துக்கொண்டு, டிஃப்யூஷனைத் தொடாமல், சுருக்கி உடனே விரித்துப் பார்க்க வேண்டும்.

```python
z = vae.encode(x).latent_dist.mode()
y = vae.decode(z).sample
```

`y` படத்திலேயே பலகை வாசிக்க முடியாமல் போனால், எந்தத் தூண்டுச் சொல்லும் எத்தனை படிகளும் அந்த அளவு எழுத்தை அந்த மாதிரியில் காப்பாற்றாது. பலகை தெளிவாக மீண்டு வந்தும், உருவாக்கும் படத்தில் மட்டும் எழுத்து குழம்பினால், ஆட்டோஎன்கோடரை விட்டுவிட்டு டிஃப்யூஷன் பகுதியில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.