பெங்களூரில் வாங்கிய மொபைல் எண்ணைத் தேவகோட்டையில் மாற்றிய கதை

ஜனவரி 3ஆம் தேதி ஊருக்கு வந்தேன், 25ஆம் தேதி திரும்ப விமானம். 23 நாள் இருந்தும் ஒரு மொபைல் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றி முடிக்கக் கடைசி வாரம்தான் கைகொடுத்தது. சிங்கப்பூர், வளைகுடா என்று வெளியில் இருந்து குறைந்த நாள் விடுப்பில் வருகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததைத் தேதியோடு எழுதுகிறேன்.

என் எண் பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழைய நிறுவனத்துக்கு எங்கள் தெருவில் சிக்னல் இல்லை. அம்மா வீட்டில் இருக்கும்போது ஓடிபி வாங்க மாடிக்கு ஏற வேண்டியிருக்கும். எண்ணையே விட்டுவிடவும் முடியாது. அதனால் இந்த முறை மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

முதல் தப்பு வந்து இறங்கியதுமே நடந்தது. பழைய சிம் அட்டை புது போனில் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை, 5ஆம் தேதி, பழைய நிறுவனத்தின் கடைக்குப் போய் அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் எண் மாற்றத்துக்கான குறுஞ்செய்தி அனுப்பினேன். 1900 என்ற எண்ணுக்கு இப்படி அனுப்ப வேண்டும், நடுவில் ஒரு இடைவெளி விட்டு:

```
PORT 98XXXXXXXX
```

உடனே பதில் வந்தது, ஆனால் எண்ணை மாற்றத் தேவையான எட்டு எழுத்துக் குறியீடு வரவில்லை. கோரிக்கையை ஏற்க முடியாது என்றுதான் இருந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. மாறப்போகும் நிறுவனத்தின் கடையில் இருந்த தம்பிதான் சொன்னார்: "அண்ணே, சிம் எப்ப மாத்துனீங்க? நேத்தா? அப்ப ஒரு வாரம் கோடு வராது. அதுக்கப்புறம் அனுப்பிப் பாருங்க."

விதி அப்படித்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாளைக்குள் யூபிசி என்ற அந்தக் குறியீட்டைக் கொடுக்கக் கூடாது. யாராவது நம் பெயரில் கள்ள சிம் எடுத்து, உடனே எண்ணை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக வந்த கட்டுப்பாடு. நல்ல விதிதான். ஆனால் மூன்று வார விடுப்பில் வந்தவனுக்கு ஒரு வாரம் போய்விடும். சிம் பழுதாகி இருந்தால், மாற்றுவதை இறங்கிய அன்றே செய்துவிடுங்கள். நான் சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை வரை இருந்துவிட்டேன். அந்த இரண்டு நாளுக்கும் பின்னால் வருத்தப்பட்டேன்.

13ஆம் தேதி காலையில் மறுபடி அனுப்பினேன். இந்த முறை 1901 என்ற எண்ணிலிருந்து குறியீடு வந்தது. இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 டிசம்பரில் முறை மாறியதிலிருந்து, தகுதியை முன்னாலேயே சரிபார்த்த பிறகுதான் குறியீடு தருகிறார்கள். தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. எண்ணின் உரிமையாளர் பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் குறியீடு வரும். குறியீடு வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. அதன்பிறகு நிராகரிப்பு வருவது பெரும்பாலும் குறியீட்டைத் தப்பாக எழுதியதாலோ காலாவதியானதாலோதான்.

குறியீட்டுக்கு ஆயுள் 4 நாள். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கில் மட்டும் 30 நாள். எனக்குப் பொங்கல் குறுக்கே வந்தது. 15, 16, 17 மூன்று நாளும் கடை திறக்குமா என்று தெரியாது, 17ஆம் தேதியோடு குறியீடும் செத்துவிடும். அதனால் 13ஆம் தேதி மாலையே கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் பதினைந்து நிமிட வேலை. ஆதார், கைரேகை, ஒரு படம். குறியீட்டைக் கடைக்காரர் தன் போனில் அடித்தார். புது சிம்மைக் கொடுத்துவிட்டு, இது இப்போது வேலை செய்யாது, பழையது சிக்னல் இழந்த பிறகுதான் போட வேண்டும் என்றார். எண் அப்பா பெயரில் இருந்தால் அப்பாவே வர வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது தெரியாமல் இரண்டு முறை அலைய நேர்ந்தது. பெயர் மாற்றம் வேண்டுமென்றால் முதலில் பழைய நிறுவனத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

காத்திருக்கும் நாளில் நான் இன்னொரு தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். மூன்று வேலை நாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது ஒரே சேவைப் பகுதிக்குள் மாறுவதற்கு. என் எண் கர்நாடக வட்டத்தைச் சேர்ந்தது, நான் மாற்றியதோ தமிழ்நாட்டில். வட்டம் விட்டு வட்டம் என்றால் 5 வேலை நாள். விடுமுறை கணக்கில் வராது. புது நிறுவனத்திடமிருந்து வந்த குறுஞ்செய்தியில் 21ஆம் தேதி இரவு என்று இருந்தது. இரண்டு நாள் தாமதமாகியிருந்தால் என் பயணமே நெருக்கடியில் சிக்கியிருக்கும்.

இடையில் பழைய நிறுவனத்திலிருந்து அழைத்து, தள்ளுபடி தருகிறோம், இருங்கள் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனம் மாறினால் கோரிக்கை கொடுத்த 24 மணி நேரத்துக்குள் அதே 1900 எண்ணுக்கு `CANCEL` என்று அடித்து இடைவெளி விட்டு எண்ணை அனுப்பினால் ரத்தாகும். ஆனால் இப்படி அழைப்பவர்கள் யாராக இருந்தாலும் குறியீட்டைச் சொல்லாதீர்கள். அது கடைக்காரர் கையில் மட்டும் போக வேண்டிய விஷயம்.

21ஆம் தேதி இரவு பதினோரு மணிக்குப் பழைய சிம் சிக்னல் இழந்தது. நான்கு மணி நேரம் வரை இப்படி இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. புது சிம்மைப் போட்டு, சரிபார்ப்பு அழைப்பை முடித்து, முதல் ரீசார்ஜ் செய்ததும் எண் உயிர் பெற்றது. பழைய சிம்மில் இருந்த ரீசார்ஜ் மிச்சம் போய்விட்டது, அது புது நிறுவனத்துக்கு வராது. ஆகவே பெரிய திட்டம் போட்ட கையோடு மாற்றாதீர்கள்.

அடுத்த நாள் வங்கி ஆப். எண் அதேதான் என்பதால் வங்கியில் போய் எதுவும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஆப், சிம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துவிடும். மறுபடி அதே போனிலிருந்து சரிபார்ப்பு குறுஞ்செய்தி அனுப்பி, டெபிட் கார்டு விவரம் கொடுக்க வேண்டியிருந்தது. யூபிஐயும் அப்படியே. கார்டு சிங்கப்பூர் அலமாரியில் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அதனால் கார்டோடு வாருங்கள்.

கடைசியாகச் செய்தது, புது சிம்மில் சர்வதேச ரோமிங்கை இயக்கச் சொன்னது. பழைய நிறுவனத்தில் இயக்கியிருந்தது இங்கே தொடராது. 24ஆம் தேதி மாலை கடையில் கேட்டு, ஆப்பில் இயங்குவதாகக் காட்டியதைப் பார்த்த பிறகுதான் பெட்டி கட்டினேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் போனைப் போட்டதும் வங்கியின் குறுஞ்செய்தி வந்தது.