மோட்டார் ஸ்லாட்டைப் பார்க்காமல் எந்திரத்தை டெலிவரி எடுக்காதீர்கள்

பெல்ட்டில் ஓடும் எந்திரத்தைப் புதிதாகச் செய்து வாங்குகிறீர்களா? மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் மோட்டாரை நகர்த்தும் ஸ்லாட்டைப் பார்த்துவிடுங்கள். எங்களுக்குக் கலவை எந்திரம் செய்து கொடுத்த பட்டறை அங்கேதான் கை வைத்தது.

மோட்டாரில் 100 மி.மீ. புல்லி, ஷாஃப்ட்டில் 250 மி.மீ. புல்லி, இரண்டு ஏ-56 பெல்ட். இந்த அளவுகளுக்கு இரண்டு புல்லிகளின் மைய தூரம் ஏறக்குறைய 448 மி.மீ. வரும். எந்திரம் வரும்போதே பெல்ட் மாட்டியிருந்தது, ஓட்டியும் காட்டினார்கள். சில வாரங்களில் ஒரு பெல்ட் பள்ளத்துக்குள்ளேயே புரண்டுவிட்டது. கழற்றி விரலால் வளைத்தால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் துவண்டு மடங்கியது. மேலே ஒரு கீறல்கூட இல்லை, உள்ளே நூல் அறுந்திருந்தது.

"பெல்ட் மட்டமான சரக்கு சார், மாத்திடுங்க" என்றார்கள். புது ஜோடி வாங்கினோம். அதை மாட்ட வந்த அவர்கள் ஆள் கம்பியால் நெம்பி, புல்லியைச் சுற்றிச் சுற்றி ஏற்றினார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. மோட்டார் போல்ட்டுகள் ஸ்லாட்டின் உள்முனையில், அதாவது ஷாஃப்ட் பக்கத்து முனையில், முட்டி நின்றன. இருந்த 20 மி.மீ. இடமும் வெளிப்பக்கம்தான்.

வி-பெல்ட்டின் பாரத்தைத் தாங்குவது உள்ளே ஓடும் நூல்கள். விளிம்புக்கு மேல் நெம்பினால் ஓரத்து நூல்தான் முதலில் அறும். அதனால் மோட்டாரை உள்ளே தள்ளி, பெல்ட்டைக் கையால் போட இடம் வேண்டும். இந்த நீளத்துக்கு உள்ளே சுமார் 20, வெளியே சுமார் 40 மி.மீ. விடுவது வழக்கம். நாளடைவில் பெல்ட் நீளும், அதை இழுத்துக்கொள்ளத்தான் வெளிப்பக்க இடம்.

மோட்டார் காலில் ஃப்ரேமின் குறுக்கு ஆங்கிள் இடித்தது. அதை மாற்றச் சோம்பிப்போய் ஸ்லாட்டைக் குறைத்திருக்கிறார்கள். தெரிந்தே செய்த வேலை, அதுதான் கோபம். அப்புறம் ஏ-57 போடச் சொன்னார்கள். அதற்கு மைய தூரம் 461 வரும். ஸ்லாட் 448-லிருந்து 468 வரை. ஆக உள்ளே 13, வெளியே 7. மாட்டவும் நெம்ப வேண்டும், கொஞ்சம் நீண்டாலே இழுக்கவும் இடமிருக்காது. ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஆங்கிளை இறக்கி வெல்டு செய்து, 428-லிருந்து 488 வரை ஸ்லாட் வெட்டிக் கொடுத்தார்கள். கெட்டுப்போன பெல்ட்டுக்குக் காசு தரவில்லை.

டெலிவரி எடுக்கும்போது, மாட்டியிருக்கும் பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். நாலு போல்ட்டையும் தளர்த்தி மோட்டாரை உள்ளே தள்ளச் சொல்லுங்கள். கம்பி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் எடுக்காமல் மறுபடி மாட்ட வேண்டும். டைட் செய்த பிறகு போல்ட்டுக்கு வெளியே எவ்வளவு ஸ்லாட் மீதி என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். மோட்டாரை இரண்டு முனைக்கும் நகர்த்தி, புல்லி முகங்களில் நூல் பிடித்தும் பாருங்கள். ஸ்லாட் கோணலாக இருந்தால் ஒரு முனையில் நேராகவும் மறுமுனையில் விலகியும் காட்டும்.